ஒரு குளிசைக்குள் ஆயிரம் முட்டை

ஏப்ரல் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, என் பெறாமகள் ஒரு சொப்பிங் பையோடு வந்து நின்றாள். உள்ளே கோழிக்குஞ்சு அளவில் ஒரு கறுப்பு உருண்டை. அவளுடைய தலைமயிர்தான். முந்தைய வெள்ளிக்கிழமை தோய்ந்தபோது விழுந்ததை வாய்க்காலில் இருந்து பொறுக்கி எடுத்துக் கொண்டு வந்திருந்தாள்.

"சித்தப்பா, இப்பிடியே போனா ஆவணிக்குள்ள மொட்டைதான்."

நான் யாழ்ப்பாணத்தில் இரத்தம் சோதிக்கும் ஆய்வுகூடங்களில் வேலை செய்தவன், தோல் வைத்தியன் இல்லை. ஆனால் வீட்டில் ஊசி தெரிந்தவன் எல்லாவற்றுக்கும் டொக்டர். ஒரு மயிரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நுனியில் கடுகின் கால்வாசி அளவுக்கு ஒரு வெள்ளை முடிச்சு இருந்தது. அந்த முடிச்சு இருந்தால் மயிர் நடுவில் முறியவில்லை, தன் காலம் முடிந்து வேரோடு கழன்றிருக்கிறது என்று பொருள். முடிச்சே இல்லாமல் துண்டு துண்டாக விழுந்தால் அது முறிவு. இழுத்துக் கட்டுவது, சூட்டுக் கம்பியால் நேராக்குவது, சாயம் போடுவது போன்றவை அதற்குக் காரணமாகலாம். அவளுடைய உருண்டையில் நான் பார்த்த எல்லாவற்றிலும் முடிச்சு இருந்தது.

"கடைசியா எப்ப பெரிய வருத்தம் வந்தது?" என்று கேட்டேன்.

"டிசம்பர்ல டெங்கு வந்ததுதானே. அதுக்கும் இதுக்கும் என்ன?"

நிறையத் தொடர்பு இருக்கிறது. தலையில் ஏறத்தாழ 1 லட்சம் மயிர் இருக்கிறது. ஒவ்வொன்றும் சில வருடங்கள் வளரும், பிறகு மூன்று மாதம் போல ஓய்வில் இருக்கும், பிறகு கழன்று விழும். சாதாரண நாட்களில் நூற்றில் பத்துத்தான் ஓய்வில் இருக்கும். அதாவது 10,000 மயிர், 100 நாளில் விழ வேண்டியவை. ஒரு நாளைக்கு 100 என்ற கணக்கு இப்படித்தான் வருகிறது. கடும் காய்ச்சல், பிள்ளைப்பேறு, சத்திரசிகிச்சை, பட்டினி மாதிரியான உணவுக் கட்டுப்பாடு ஏதாவது வந்தால், வளர்ந்துகொண்டிருந்த மயிரில் ஒரு பெரும் பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். நூற்றில் முப்பது போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30,000 மயிர் 100 நாளில் விழ வேண்டும், நாளுக்கு 300. ஆனால் காய்ச்சல் அடித்த உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தொடங்கும். அதனால்தான் டிசம்பர்க் காய்ச்சலை மார்ச் மாதத்தில் யாரும் சந்தேகப்படுவதில்லை. கிணற்றுத் தண்ணீரையும் புது ஷாம்புவையும்தான் பிடித்துக்கொள்வார்கள்.

இந்த உதிர்வுக்கு இன்னொரு குணமும் உண்டு. வேர் சாகவில்லை என்பதால் அது தானாகவே அடங்கும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் குறைந்துவிடும். விழுந்த இடத்தில் புது மயிர் மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வேகத்தில் வரும். இனி வரப்போகும் பயோட்டின் என்ற விற்றமினின் கதைக்கு, உதிர்வு தானாகவே அடங்கும் என்ற செய்தி முக்கியம், கொஞ்சம் மனதில் வைத்திருங்கள்.

பையைக் கீழே வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தாள். டொரொன்டோவில் இருக்கும் என் தங்கச்சி, அவளுக்கு மாமி, பார்சலில் போட்டு அனுப்பியது. இனிப்புப் போல மெல்லும் பயோட்டின். கூடவே பயோட்டின் ஷாம்பு ஒன்றும். மெல்லும் துண்டு ஒன்றில் 10,000 மைக்ரோகிராம் என்று போத்தலில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அப்படியென்றால் 10 மில்லிகிராம்.

பயோட்டின் என்பது பி குடும்பத்து விற்றமின்களில் ஒன்று, பி7. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குப் போதுமானதாக அமெரிக்காவில் வைத்திருக்கும் அளவு 30 மைக்ரோகிராம், பால் கொடுக்கும் தாய்க்கு 35. அவித்த முட்டை ஒன்றில் சுமார் 10 இருக்கிறது. ஒரு கைப்பிடி வறுத்த கச்சானில் சுமார் 5. இரண்டு முட்டையும் ஒரு கைப்பிடிக் கச்சானும் சாப்பிட்டவருக்கு 25 ஆகிவிட்டது. மிச்சத்தை மீனும் பருப்பும் மரக்கறியும் கொடுத்துவிடும். மாமியின் ஒரு துண்டு, முட்டைக் கணக்கில் சொன்னால், ஆயிரம் முட்டை.

"கூட எடுத்தா கெதியா வளரும் எண்டுதான் மாமி சொன்னவ."

இங்கேதான் தடுக்கி விழுகிறோம். பயோட்டின் மயிருக்குப் போடும் பசளை இல்லை. அது உடம்பில் ஐந்து நொதிகளோடு ஒட்டி நின்று வேலை செய்கிறது. கொழுப்பு ஆக்குவது, சில அமினோ அமிலங்களை உடைப்பது, சீனி ஆக்குவது போன்ற வேலைகள். பூட்டுக்குச் சாவி மாதிரி. சாவி இல்லாவிட்டால் கதவு திறக்காது, உண்மை. ஆனால் ஐந்து பூட்டிலும் சாவி ஏற்கெனவே தொங்கும்போது இன்னும் ஆயிரம் சாவியைக் கொண்டுவந்து வாசலில் கொட்டினால் கதவு வேகமாகத் திறக்கப் போவதில்லை. நீரில் கரையும் விற்றமின் என்பதால் மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும்.

சாவி இல்லாதவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள், மயிர்க்கதை அவர்களிடமிருந்துதான் வந்தது. 1930களில் பச்சை முட்டை வெள்ளையை மட்டும் அதிகமாகக் கொடுத்த எலிகளுக்குத் தோல் வெடித்து மயிர் கொட்டியது. அதைத் தடுக்கும் பொருளுக்கு போல் க்யோர்கி விற்றமின் எச் என்று பெயர் வைத்தார். ஜெர்மன் மொழியில் தோலுக்கு உள்ள சொல்லின் முதலெழுத்து அது. அந்தப் பொருள்தான் பயோட்டின். முட்டை வெள்ளையில் அவிடின் என்ற புரதம் இருக்கிறது. அது பயோட்டினைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்சவிடாது. அவித்தால் அவிடின் கெட்டுப்போய் அந்தப் பிடி தளர்ந்துவிடும்.

சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் பருக்கும் நம்மூர் வழக்கத்தை நினைத்து யாரும் பயப்பட வேண்டாம். சில நாள் முட்டையால் பயோட்டின் தீர்ந்துபோகாது. நிறையப் பச்சை வெள்ளையை வாரக்கணக்கில் மாதக்கணக்கில் குடித்தவர்களுக்குத்தான் அப்படி வந்திருக்கிறது. (கிருமி விஷயம் வேறு, அதற்கு நான் பொறுப்பில்லை.) மற்றபடி குறைபாடு வருவது, பயோட்டினைத் திரும்பப் பயன்படுத்தும் நொதி பிறவியிலேயே இல்லாத பிள்ளைகளுக்கும், சில வலிப்பு மருந்துகளை நீண்டகாலம் எடுப்பவர்களுக்கும், கடுமையாகக் குடிப்பவர்களுக்கும். அப்படி வந்தால் தலைமயிர் மட்டும் தனியாகக் கொட்டாது. வாய், மூக்கு, கண்ணைச் சுற்றிச் செதில் செதிலாகச் சிவந்த படை வரும். உடல் சோரும், கைகால் விறைக்கும். என் பெறாமகளின் முகத்தில் அப்படி ஒன்றுமில்லை.

அப்படியென்றால் குறைபாடு இல்லாதவருக்குப் பயோட்டின் மயிர் வளர்த்ததற்கு என்ன ஆதாரம்? 2017 இல் அதுவரை வெளிவந்த நோயாளி விபரங்களைத் தொகுத்துப் பார்த்த ஒரு ஆய்வுக் கட்டுரையில் 18 பேர்தான் தேறினார்கள். மயிரோ நகமோ தேறியது உண்மை. ஆனால் 18 பேருக்கும் மயிரோ நகமோ சரியாக வளராததற்கு அடியில் ஒரு நோய்க்காரணம் இருந்தது. பிறவி நொதிக் குறைபாடு, சீவினாலும் படியாத மயிர் வரும் அபூர்வப் பிறவிக் கோளாறு, தானாக உடையும் நகம் என்று. ஒன்றும் இல்லாத ஆரோக்கியமான ஆள் ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இல்லை. 2024 இல் வந்த இன்னொரு தொகுப்பு, தரமான ஆய்வுகளைத் தேடியபோது மூன்றுதான் அகப்பட்டன. அவற்றில் உருப்படியானது, யாருக்கு உண்மைக் குளிசை யாருக்கு வெறுங்குளிசை என்று எடுப்பவருக்கும் கொடுப்பவருக்கும் தெரியாமல் நடத்திய சோதனை. அதில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

விளம்பரத்தில் காட்டும் சோதனைகள் வேறு மாதிரி. பயோட்டினோடு நாகம், இரும்பு, மீன் புரதம் என்று பத்துப் பொருளைக் கலந்த குளிசையைக் கொடுத்துப் பார்த்திருப்பார்கள். அதில் ஏதாவது நடந்தாலும் அது பயோட்டினால் நடந்ததா, இரும்பு குறைந்த பெண்ணுக்கு இரும்பு கிடைத்ததால் நடந்ததா என்று பிரிக்க முடியாது.

மாமி பொய் சொல்லவும் இல்லை. அவவுக்கு 2021 இல் கோவிட் வந்து, மூன்று மாதத்தில் மயிர் கொட்டி, பயந்து பயோட்டின் தொடங்கி, மூன்று நான்கு மாதத்தில் நின்றது. மனுசர் குளிசை தொடங்குவது உதிர்வு உச்சத்துக்கு வந்து பயம் பிடிக்கும்போதுதான். உச்சத்துக்குப் பிறகு எப்படியும் இறக்கம்தான். அந்த நேரம் பார்த்துக் கையில் எது இருந்ததோ அதற்குப் புகழ் போகும். அவவிடம் பயோட்டின் இருந்தது. எங்கள் அம்மாவிடம் செவ்வரத்தம் இலை இருந்தது. வெறுங்குளிசை எடுக்கும் கூட்டம் ஒன்று சோதனைக்கு ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இனி ஷாம்பு. தோலுக்கு வெளியே நாம் பார்க்கும் மயிர் உயிரில்லாதது. உயிருள்ள பகுதி தோலுக்குள்ளே சில மில்லிமீற்றர் ஆழத்தில் இருக்கிறது. ஷாம்பு என்பது அழுக்கையும் எண்ணெயையும் பிடித்துத் தண்ணீரோடு போவதற்காகவே செய்த பொருள். இரண்டு நிமிடம் தலையில் நின்றுவிட்டு வாய்க்காலுக்குப் போகிறது. அதில் கலந்த பயோட்டின் தோலைத் தாண்டி வேருக்குப் போய் மயிர் வளர்த்ததாக நம்பக்கூடிய சோதனை இல்லை. மாமியின் ஷாம்புப் போத்தலைத் திருப்பி உள்ளடக்கப் பட்டியலை அவளையே வாசிக்கச் சொன்னேன். பட்டியல் கூடியதில் இருந்து குறைந்ததுக்கு வரும், நூற்றில் ஒரு பங்குக்குக் கீழே உள்ளவற்றை எந்த ஒழுங்கிலும் போடலாம். தண்ணீர் முதலில் இருந்தது, நுரை தருபவை பிறகு, வாசனைத் திரவியம் பிறகு, அதற்கும் கீழே பயோட்டின். முன்பக்கத்தில் பெருவிரல் அளவு எழுத்து, பின்பக்கத்தில் வாசனைக்கும் கீழே ஓர் இடம்.

"ஆனா சித்தப்பா, இதால தோய்ஞ்சா மயிர் மொத்தமா தெரியுதே."

தெரியும். மயிரைச் சுற்றி மெல்லிய படையாக ஒட்டும் பொருட்கள் இவற்றில் இருக்கின்றன, புரதத் துண்டுகள், சிலிக்கோன் மாதிரி. ஒவ்வொரு மயிரும் ஒரு துளி தடித்து ஒன்றையொன்று தள்ளி நிற்பதால் கொண்டை பெரிதாகத் தெரியும். அது பொய்யில்லை, ஆனால் அடுத்த தோய்தலோடு போய்விடும். எண்ணிக்கையில் ஒரு மயிரும் கூடவில்லை.

"விழுறதும் குறைஞ்சிட்டு. முந்தி ஒரு பிடி, இப்ப கொஞ்சம்தான்."

எத்தனை நாளைக்கு ஒருக்கால் தோய்கிறாய் என்று கேட்டேன். முன்பு வெள்ளிக்கு வெள்ளி. போத்தலில் தினமும் பாவிக்கச் சொல்லியிருப்பதால் இந்தக் கிழமை தினமும் தோய்ந்தாளாம், இன்று கொண்டுவந்த உருண்டை அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை சேர்த்து வைத்தது. விஷயம் அவ்வளவுதான். கழன்ற மயிர் உடனே நிலத்தில் விழுவதில்லை, பின்னலுக்குள்ளும் கொண்டைக்குள்ளும் சிக்கி நின்று தோயும்போதுதான் இறங்கும். நாளுக்கு 200 கழன்றால் வெள்ளிக்கிழமை ஆயிரத்துக்கு மேலே சேர்ந்து வரும், பார்க்கிறவருக்கு நெஞ்சு பகீரென்னும். தினமும் தோய்பவருக்கு அதே 200 இருநூறாகவே வந்து, பாதி சீப்பிலும் தலையணையிலும் போய்விடும். ஷாம்புவை மாற்றியபோது தோயும் வழக்கமும் மாறிவிட்டது, பாராட்டு ஷாம்புவுக்குப் போய்விட்டது.

கஃபீன் ஷாம்புகளும் இதே பாதைதான். 2018 இல் பிரித்தானியாவின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு, அப்படியொரு ஷாம்பு உதிர்வைக் குறைக்கும் என்று சொல்வதற்குக் காட்டிய ஆதாரம் போதாது என்று அந்த விளம்பர வாசகத்தை நிறுத்தச் சொன்னது. பொடுகுக்குக் கொடுக்கும் கீற்றோகொனசோல் ஷாம்புவுக்குச் சிறு ஆய்வுகள் சில இருக்கின்றன, அவ்வளவே. வகிடு வருடக்கணக்கில் அகன்று மயிர் மெலிந்துபோகும் பரம்பரை உதிர்வுக்கு நன்றாகச் சோதிக்கப்பட்டது மினொக்சிடில். அது கழுவிவிடும் பொருள் இல்லை, தலைத்தோலில் பூசி விட்டுவிடுவது. மாதக்கணக்கில் எடுக்க வேண்டும், நிறுத்தினால் பலனும் போகும். டெங்குக்குப் பிறகு வந்த உதிர்வுக்கு அதுவும் பெரும்பாலும் தேவைப்படாது. வட்ட வட்டமாக வழுக்கை விழுந்தாலோ, தலைத்தோல் சிவந்து செதிலாகி நொந்தாலோ, அது வேறு கதை, தோல் வைத்தியரிடம் போக வேண்டியது.

இவ்வளவும் சொன்ன பிறகும் அவள் போத்தலை விடவில்லை. "எடுத்தா என்ன சித்தப்பா, கூடினா மூத்திரத்தில போகுதெண்டு நீங்கள்தானே சொன்னியள்?" நியாயமான கேள்வி. எனக்கும் அப்போது அதை மறித்துப் பேசத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும், அது என் தொழில்.

மே மாதம் களைப்பாக இருக்கிறது என்று டொக்டரிடம் போனாள். மயிரும் கொட்டுகிறது என்றதால் அவர் இரும்புச் சேமிப்பும் தைரொயிட்டும் பார்க்க எழுதிக் கொடுத்தார். சரியான சோதனைகள். இரும்புக் குறைவும் தைரொயிட் கோளாறும் பெண்களுக்கு மயிர் கொட்டுவதற்கான உண்மையான காரணங்கள். முடிவு வந்தபோது, தைரொயிட் சுரப்பியை வேலை செய்யத் தூண்டும் ஹோர்மோனான டீஎஸ்எச் 0.08. சாதாரணமாக 0.4 க்கும் 4 க்கும் இடையில் இருக்க வேண்டியது. தைரொயிட் சுரக்கும் ஹோர்மோனான ரீ4 உயரத்தில். தாளை மட்டும் பார்த்தால் தைரொயிட் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது. ஆனால் எதிரில் இருந்த பிள்ளைக்குக் கை நடுங்கவில்லை, நெஞ்சு படபடக்கவில்லை, நிறை குறையவில்லை, கழுத்தில் வீக்கமும் இல்லை.

தாளும் ஆளும் ஒத்துவராதபோது டொக்டர் கேட்ட கேள்வி: "வேற என்ன குளிசை எடுக்கிறியள்?"

இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஹோர்மோன் அளக்கும் இயந்திரங்கள் பலவற்றில் பயோட்டினையே கொக்கியாகப் பயன்படுத்துகிறார்கள். முட்டை வெள்ளையின் அவிடினுக்கு ஒரு பங்காளி இருக்கிறது, பக்டீரியாவில் இருந்து எடுக்கும் ஸ்ட்ரெப்டவிடின். அதுவும் பயோட்டினை விடாப்பிடியாகப் பிடிக்கும். சோதனைக் குழாயில் இருக்கும் சிறு மணிகளில் ஸ்ட்ரெப்டவிடின் பூசியிருக்கும், அதை மினிபஸ் சீற் என்று நினையுங்கள். டீஎஸ்எச்சைப் பிடிக்கும் பிறபொருளெதிரி என்ற புரதத்துக்குப் பயோட்டின் வால் ஒன்று கட்டியிருக்கும். டீஎஸ்எச்சைப் பிடித்துக்கொண்டு அது வந்து சீற்றில் இருக்க வேண்டும், பிறகு இருந்தவற்றின் வெளிச்சத்தை இயந்திரம் அளக்கும். இரத்தத்தில் ஏற்கெனவே வெறும் பயோட்டின் நிரம்பிக் கிடந்தால் அது முந்தி ஏறிச் சீற்றெல்லாம் பிடித்துவிடும். உண்மையான பயணி நிற்க இடமில்லாமல் கழுவலில் போய்விடுவார். இயந்திரம் குறைந்த வெளிச்சத்தைப் பார்த்து டீஎஸ்எச் குறைவு என்று எழுதும். ரீ4 சோதனை தலைகீழானது, அதில் வெளிச்சம் குறைந்தால் ஹோர்மோன் அதிகம் என்று பொருள். ஆகவே ஒன்று பொய்யாக இறங்கும்போது மற்றது பொய்யாக ஏறும். இரண்டும் சேர்ந்து தைரொயிட் மிகைச் சுரப்பு வருத்தத்தின் படத்தை அச்சொட்டாக வரைந்துவிடும்.

2017 இல் ஆரோக்கியமான ஆறு பேருக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஏழு நாள் கொடுத்துப் பார்த்தார்கள், மாமியின் ஒரு துண்டின் அதே அளவு. சில இயந்திரங்களில் இப்படியே நடந்தது, சிலவற்றில் ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் எல்லா இயந்திரமும் இந்தக் கொக்கியைப் பயன்படுத்துவதில்லை. அதே ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. மாரடைப்பைக் காட்டும் ட்ரொபொனின் சோதனையும் பொய்யாகக் குறையலாம் என்பதுதான் அதில் பயப்பட வேண்டிய பகுதி. பயோட்டின் அதிகம் எடுத்த ஒருவர் அப்படி இறந்ததாகவும் அவர்களுக்கு அறிக்கை வந்திருந்தது. நெஞ்சுநோவோடு போகிறவர் ஷாம்பு, குளிசைக் கதை எல்லாம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்.

பெறாமகள் அன்று காலை ஒரு துண்டை மென்றுவிட்டுத்தான் இரத்தம் கொடுக்கப் போயிருந்தாள். விற்றமின்தானே என்று யாரிடமும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. தைரொயிட் சோதனைக்கு முன் குறைந்தது இரண்டு நாள் நிறுத்தச் சொல்வார்கள், மிகப் பெரிய அளவு எடுப்பவர்களுக்கு இன்னும் கூடத் தேவைப்படும். அவள் நான்கு நாள் நிறுத்தி, அதே இடத்தில் திரும்பக் கொடுத்தாள். டீஎஸ்எச் 1.9, ரீ4 நடுவில். இரும்புச் சேமிப்பு மட்டும் இரண்டாம் முறையும் குறைவாகவே இருந்தது. அது பொய் இல்லை. களைப்புக்குக் காரணம் அங்கே இருந்தது, டொக்டர் அதற்கு இரும்பு எழுதினார்.

பயோட்டினை அவள் திரும்பத் தொடவில்லை. ஜூலைக் கடைசியில் நெற்றி விளிம்பில் அரை விரல் நீளத்துக்குப் புது மயிர் கம்பி கம்பியாக எழும்பி நின்றது, எண்ணெய் வைத்தாலும் படியவில்லை என்று சலித்துக்கொண்டாள். இரும்பாலா, டெங்கின் ஆறு மாதம் முடிந்ததாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இதுவும் மாமியின் கதை போல ஓர் ஆள் கதைதான்.

போன கிழமை மாமி வட்ஸ்அப்பில் குரல் செய்தி போட்டிருந்தா. பிள்ளைக்கு மயிர் வந்திட்டுதாமே, இன்னும் இரண்டு போத்தல் அனுப்பட்டோ என்று.